வேலைவாய்ப்பு முகாமில் சந்தித்த ஹெச்.ஆர். அலுவலருக்கு அனுப்பும் செய்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை முகாமில் ஒரு ஹெச்.ஆரிடம் பேசி பயோடேட்டா கொடுத்தேன். "கூப்பிடுகிறோம்" என்றார். அதற்குப் பிறகும் நான் ஏன் செய்தி அனுப்ப வேண்டும்?

மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைத்துவிடும். மதுரையில் நடக்கும் பெரிய முகாம் ஒன்றில் ஒரு நிறுவனத்தின் சார்பில் அமர்ந்திருப்பவர் மாலைக்குள் ஒரு கட்டு பயோடேட்டாவுடன் எழுந்து போகிறார். சிலவற்றின் மூலையில் பென்சிலால் ஒரு 'டிக்', சிலவற்றில் "ஓகே", சிலவற்றில் "ஷிப்ட்?" என்று எழுதியிருப்பார், பலவற்றில் எதுவும் இருக்காது. அடுத்த வேலைநாளில் அந்தக் கட்டைப் பிரித்து, பெயர், கைபேசி எண், படிப்பு, தேர்ச்சி பெற்ற ஆண்டு, குறிப்பு என்று ஓர் எக்செல் பட்டியலில் ஏற்றும்போது, ஒரே கல்லூரியிலிருந்து ஒரே வடிவத்தில் வந்த பயோடேட்டாக்களில் எது யாருடையது என்று அவருக்கு முகம் நினைவுக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் உங்கள் செய்தி வந்து, உங்களுக்கும் அவருக்கும் நடந்த உரையாடலில் ஒரு துளியை நினைவூட்டினால், கட்டிலிருந்து உங்கள் தாளைத் தனியே எடுத்துப் பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது.

அந்தச் செய்தியால் ஆகக்கூடியது அவ்வளவுதான். பணிக்குக் கேட்ட படிப்பே உங்களிடம் இல்லையென்றால் எவ்வளவு நயமாக எழுதினாலும் பயனில்லை.

"ஏதாவது ஒரு விவரத்தை நினைவூட்டு" என்கிறார்கள். எந்த விவரத்தை எழுதுவது?

எழுத நினைக்கும் வாக்கியத்தை, அதே மேசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களும் அப்படியே எழுதியிருக்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். "தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியைப் பற்றி அருமையாக விளக்கினீர்கள்" என்பதை வரிசையில் நின்ற எவரும் எழுதலாம். துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருந்த செய்தியைத் திரும்பச் சொல்வதும் அப்படியே. அவர் உங்களிடம் மட்டும் கேட்ட கேள்வி, அதற்கு நீங்கள் சொன்ன பதில், அந்தப் பதிலுக்கு அவர் சொன்ன மறுமொழி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே வரியில் அமைந்தால் அதைவிட நல்லது.

அந்த விவரம் வேலையைத் தொட்டும் இருக்க வேண்டும். அவர் தன் மகளின் பள்ளிச் சேர்க்கை பற்றிப் பக்கத்து மேசைக்காரரிடம் பேசியது உங்கள் காதில் விழுந்திருக்கலாம். அவர் அணிந்திருந்த சட்டையின் நிறம்கூட உங்களுக்கு நினைவிருக்கலாம். அவற்றை எழுதினால் அவருக்கு உங்களை நினைவு வரும் என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் விரும்பும் விதத்தில் வராது. சம்பளத்தைப் பற்றியோ வேறொரு நிறுவனத்தைப் பற்றியோ அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதையும் எழுத்தில் கொண்டுவரக் கூடாது. உங்கள் செய்தியை அவர் தன் மேலாளருக்கு அப்படியே அனுப்பிவைக்க வாய்ப்பு உண்டு.

துல்லியம் பற்றியும் ஒரு சொல். அவர் "பார்க்கலாம்" என்று சொன்னதை "வாய்ப்புத் தருவதாகக் கூறியிருந்தீர்கள்" என்று எழுதுவது பலரிடமும் காணப்படும் பழக்கம். அவரால் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. ஆகவே பதிலே எழுதாமல் விட்டுவிடுவார். அவர் சொன்னதை அவர் சொன்ன அளவிலேயே நிறுத்துங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு செய்தியை முழுதாகக் காட்ட முடியுமா?

உசிலம்பட்டியைச் சேர்ந்த மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவர் ஒருவர், கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் மேசைக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். மேசைமீது மாதிரிக்காகச் சில கறுப்பு ரப்பர் வளையங்கள் கிடக்கின்றன. அலுவலர் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இதன் உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்தால் சரியாக வருமா?" என்று கேட்கிறார். மாணவர் வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, காலிப்பரின் உள்தாடைகள் ரப்பரை வெளிப்பக்கம் தள்ளி விரித்துவிடும் என்பதால் உள்ள அளவைவிடக் கூடுதலாகக் காட்டும் என்கிறார். அலுவலர் தலையசைத்து, அதனால்தான் தங்கள் ஆலையில் தொடாமலே நிழலைப் பெரிதாக்கித் திரையில் அளக்கும் ப்ரொஃபைல் புரொஜெக்டரைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறார். கடைசிப் பருவத்தின் மதிப்பெண் பட்டியல் பயோடேட்டாவுடன் இல்லை என்பதைக் கவனித்து, அதை அனுப்பச் சொல்லி விசிட்டிங் கார்டும் கொடுக்கிறார். காலை ஆறு மணி ஷிப்டுக்கு உசிலம்பட்டியிலிருந்து எப்படி வருவீர்கள் என்றும் கேட்கிறார். திருமங்கலத்தில் மாமா வீட்டில் தங்கிக்கொள்வதாக இவர் சொல்கிறார்.

இந்த மாணவர் பெரும்பாலும் அனுப்பக்கூடிய செய்தி இப்படி இருக்கும்:

> மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி. தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றக் கடினமாக உழைக்கத் தயாராக உள்ளேன். எனக்கு ஒரு நல்ல வாய்ப்புத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் பிழை எதுவும் இல்லை. எழுதியவர் யார் என்பதும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

> வணக்கம் சார். சனிக்கிழமை மதுரை முகாமில் ரப்பர் வளையத்தின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்தால் சரியாக வருமா என்று என்னிடம் கேட்டீர்கள். தாடைகள் விரித்துவிடுவதால் கூடுதலாகக் காட்டும் என்று சொன்னேன். நீங்கள் குறிப்பிட்ட ப்ரொஃபைல் புரொஜெக்டர் எங்கள் கல்லூரி ஆய்வகத்திலும் உள்ளது. அதில் ஒரு திருகின் புரிகோணத்தை அளந்திருக்கிறேன். நீங்கள் கேட்ட ஆறாம் பருவ மதிப்பெண் பட்டியலையும் பயோடேட்டாவையும் இணைத்துள்ளேன். தரக் கட்டுப்பாட்டு டிரெய்னி பணிக்கு நேர்காணல் எந்த வாரம் என்று தெரிவித்தால் நேரில் வருகிறேன்.
> (பெயர்), டிப்ளமோ மெக்கானிக்கல், உசிலம்பட்டி
> (கைபேசி எண்)

முதல் வாக்கியம் படித்தவுடனேயே அலுவலருக்கு வளையமும் அந்த விரலும் நினைவுக்கு வந்துவிடும். ப்ரொஃபைல் புரொஜெக்டரைப் பற்றிய பகுதி அவர் சொன்ன மறுமொழியை ஓர் அடி முன்னே கொண்டுபோகிறது. ஆய்வகத்தில் அந்தக் கருவியை உண்மையிலேயே இயக்கியிருந்தால் மட்டுமே அதை எழுத வேண்டும், இல்லையென்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டாலும் செய்தி நிற்கும். அடுத்தது, அவர் கேட்ட ஆவணம். கடைசியாக, அவர் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. "வாய்ப்புத் தாருங்கள்" என்பதற்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியாது. "எந்த வாரம்" என்று கேட்டால் "வரும் வியாழன் வாருங்கள்" என்றோ "இன்னும் முடிவாகவில்லை" என்றோ எழுதிவிடலாம்.

எனக்கு இரண்டு மூன்று விவரங்கள் நினைவிருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதினால் இன்னும் நன்றாக நினைவு வைத்துக்கொள்வார் அல்லவா?

ஒன்றை மட்டும் எழுதுங்கள். மூன்றை அடுக்கினால் செய்தி நீண்டு, உரையாடலை ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். எதைப் பிடித்துக்கொள்வது என்று படிப்பவருக்கும் தெரியாது.

எதைத் தேர்வது என்பதில்தான் யோசனை தேவை. மேலே சொன்ன மாணவரிடம் வளையம், ஷிப்ட் என்று இரண்டு விவரங்கள் இருந்தன. வளையம் அவரை அடையாளம் காட்டுகிறது, பாடத்தில் தெளிவு உண்டு என்றும் சொல்கிறது. ஷிப்ட் பற்றிய பதில், அலுவலரின் மனதில் இருந்த ஒரு தயக்கத்தை நீக்குகிறது. வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்த்து, ஒரே மாதத்தில் பேருந்து கிடைக்கவில்லை என்று அவர்கள் நின்றுவிடுவதைப் பார்த்துச் சலித்தவர்களே ஆலைகளில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஷிப்ட் கேள்வியைப் போகிற போக்கில் கேட்டிருந்தால் வளையத்தை எழுதலாம். ஆனால் அதைக் கேட்கும்போது அவர் பேனாவை நிறுத்தி, உங்கள் முகவரியை இன்னொரு முறை பார்த்து, "அங்கிருந்தா?" என்று இழுத்திருந்தால், அவருடைய கட்டில் உங்கள் தாளின்மேல் எழுதியிருப்பது அந்தத் தயக்கம்தான். அப்போது வளையத்தை விட்டுவிட்டு, "காலை ஆறு மணி ஷிப்டுக்கு உசிலம்பட்டியிலிருந்து எப்படி வருவீர்கள் என்று கேட்டீர்கள், திருமங்கலத்தில் உறவினர் வீட்டில் தங்குவது உறுதியாகிவிட்டது" என்று தொடங்குவதே சரி. என் அனுபவத்தில், பாடத்தில் கெட்டிக்காரர்கள் பலரும் இந்த இடத்தில் தங்கள் பதிலின் அழகில் மயங்கி, அவருடைய கவலையைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

எங்களுக்குள் அப்படி எதுவுமே நடக்கவில்லை. பயோடேட்டாவை வாங்கி வைத்துக்கொண்டு "அடுத்தவர்" என்றார். நான் என்ன எழுதுவது?

இல்லாத உரையாடலை உருவாக்கக் கூடாது. அவருக்கு நினைவு வராததோடு, பொய் சொல்கிறார் என்ற எண்ணமும் தோன்றும். உண்மையாக இருக்கும் சிறு விவரம் போதும். "மதிய இடைவேளைக்குச் சற்று முன்பு, வரிசையில் கடைசியாக வந்து பயோடேட்டா கொடுத்தேன்" என்பது முகத்தை நினைவூட்டாவிட்டாலும், கட்டில் எந்த இடத்தில் தேடுவது என்று சொல்லிவிடுகிறது. தாளில் எதையாவது கையால் திருத்தியிருந்தால் அது இன்னும் நல்லது: "பயோடேட்டாவில் கைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தை நீல மையில் திருத்திக் கொடுத்தேன்" என்றால் அந்தத் தாள் உடனே கிடைத்துவிடும்.

அடுத்த முகாமுக்குப் போகும்போது, மேசையை விட்டு நகர்ந்ததும், அடுத்த வரிசையில் போய் நிற்பதற்கு முன்பாக, அந்த நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்தின் பின்புறத்தில் அவர் கேட்டதை அவருடைய சொற்களிலேயே எழுதி வையுங்கள். ஆறேழு மேசைகளைச் சுற்றிவிட்டு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறிய பிறகு நினைத்துப் பார்த்தால், ஒருவர் கேட்ட கேள்வி இன்னொருவர் தலையில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு நிறுவனத்தாருக்கு மற்றொரு நிறுவனத்தார் கேட்ட கேள்வியை நினைவூட்டும் செய்தி, செய்தியே அனுப்பாததைவிட மோசம்.

எப்போது அனுப்புவது? அன்றைக்கு ராத்திரியே அனுப்பினால் அவசரப்படுகிறேன் என்று நினைப்பாரோ?

கட்டைப் பிரிக்கும் வேளைக்குச் சற்று முன்னதாகச் செய்தி அவரிடம் இருக்க வேண்டும். பெரிய முகாம்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடப்பதால், மின்னஞ்சல் என்றால் ஞாயிறு மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். திங்கள் காலை திறக்கும்போது மேலே இருக்கும். வாட்ஸ்அப் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒருவரைத் தொந்தரவு செய்யாமல், திங்கள் காலை பத்து மணிக்குப் பிறகு அனுப்புவது நல்லது. ஆலைகளில் அதற்கு முந்தைய நேரம் வருகைப் பதிவிலும் ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கிலும் கழிந்துவிடும். கோ.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நடக்கும் சிறு முகாம் என்றால், அன்று மாலையே அனுப்பிவிடலாம். பல நிறுவனங்களுக்குச் சனிக்கிழமையும் வேலைநாள்தான்.

இரண்டு வேலைநாள் தாண்டிவிட்டால் அனுப்பக் கூடாது என்பதில்லை. ஆனால் அப்போது பட்டியல் தயாராகி மேலாளரிடம் போயிருக்கும். உங்கள் செய்தியைப் படித்து அவருக்கு நினைவு வந்தாலும், பட்டியலைத் திறந்து ஒரு பெயரைச் சேர்ப்பது அவருக்குக் கூடுதல் வேலை.

வாட்ஸ்அப்பா, மின்னஞ்சலா? தமிழா, ஆங்கிலமா?

அவர் கொடுத்த வழியில்தான் போக வேண்டும். "இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று சொல்லியிருந்தால் வாட்ஸ்அப். கார்டில் மின்னஞ்சல் முகவரியை வட்டமிட்டுக் காட்டியிருந்தால் மின்னஞ்சல். இரண்டிலும் அனுப்பி, போதாதென்று அழைத்தும் பேசுவது வேண்டாம்.

தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்தியில், திறப்பதற்கு முன்பே திரையில் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிகள் மட்டுமே. அந்த இடத்தை "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்" என்பதற்குக் கொடுத்துவிட்டால், விவரம் உள்ளே புதைந்துபோகும். வணக்கம் ஒரு சொல், உடனே முகாம், உடனே விவரம் என்று போக வேண்டும். கோப்பை மட்டும் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு செய்தி எழுதுவதும் தவறு. தெரியாத எண்ணிலிருந்து வந்த கோப்பைத் திறக்க எவரும் தயங்குவார்கள். கோப்பின் பெயர் `resume final new 2.pdf` என்று இருந்தால், அவர் சேமித்த பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பெயரும் படிப்பும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும்.

மின்னஞ்சலில் பொருள் வரிக்கு அந்த வேலை. பணியின் பெயர், முகாம் நடந்த நாள், உங்கள் பெயர் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். விவரத்தை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை, அலுவலக மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறை. சிறு வாக்கியங்களாக, நீங்கள் பேசிக் காட்டக்கூடிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். எங்கிருந்தோ எடுத்த அலங்கார ஆங்கிலம் நேர்காணலில் உங்களைக் காட்டிக்கொடுக்கும். வாட்ஸ்அப்பில் அவர் உங்களிடம் தமிழில் பேசியிருந்தால் தமிழில் எழுதலாம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நண்பர்களிடம் ஓடும் அந்த எழுத்து இங்கே அசட்டையாகத் தெரியும்.

ஒரே கல்லூரியிலிருந்து பத்துப் பேர் போனோம். ஒருவன் எழுதியதை எல்லோரும் பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாம் என்கிறார்கள். சரிதானா?

கூடாது. பத்தும் ஒரே காலையில் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழும். முதலில் எழுதியவனுக்கும் அதனால் கேடு.

மேசையில் இருந்தவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் இல்லை, கன்சல்டன்சிக்காரர் என்று பிறகுதான் தெரிந்தது. அவருக்கும் இப்படி எழுதலாமா?

எழுதலாம், ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரே மேசையில் நான்கைந்து நிறுவனங்களுக்கு ஆள் எடுப்பவர் அவர். ஆகவே எந்த ஊரில், எந்த வேலைக்காக உங்களிடம் பேசினார் என்பதை விவரத்தோடு இணைத்து எழுதாவிட்டால், உங்களை அவர் வேறு பட்டியலில் போட்டுவிடக்கூடும்.

இந்தச் செய்திக்குப் பதிலாகப் பதிவுக் கட்டணம், சீருடைப் பணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அத்துடன் நிறுத்திவிடுங்கள். அரசு நடத்தும் முகாம்களில் வேலை தேடுபவர் யாருக்கும் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. முகாமில் நேரில் பார்த்தவர் என்பதால் பலர் இந்த இடத்தில் நம்பி ஏமாறுகிறார்கள்.

அனுப்பிவிட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. திரும்ப அனுப்பலாமா?

ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு முறை அனுப்பலாம். அவர் ஏதாவது தேதி சொல்லியிருந்தால், அது கழிந்து இரண்டு நாள் ஆகட்டும். புதிதாக ஒரு செய்தியைத் தொடங்காமல், முதலில் அனுப்பிய செய்திக்கே மறுமொழியாக எழுதினால் பழைய விவரம் மேலேயே தெரியும். அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. "மேற்கண்ட பணிக்கான நேர்காணல் தேதி முடிவாகிவிட்டதா என்று அறிய விரும்புகிறேன் சார்" என்ற ஒரு வரி போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பணிக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்றோ, பணியே நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்றோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது செய்தி அனுப்புவதைவிட, அவருடைய எண்ணைப் பெயரோடு சேமித்துவைப்பது பயன் தரும்; அடுத்த முகாமிலும் அவரே வந்து அமர வாய்ப்பு உண்டு.

நேற்று அவரே அழைத்து, வியாழக்கிழமை கப்பலூருக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லிவிட்டார். இனி அந்த விவரத்துக்கு வேலை இல்லையே?

இனிமேல்தான் வேலை. எந்த விவரத்தைப் பிடித்து உங்களை அழைத்தாரோ அதையே அவர் தரக் கட்டுப்பாட்டு மேலாளரிடம் சொல்லியிருப்பார்: "இந்தப் பையனுக்கு வெர்னியரில் ஏன் தவறு வரும் என்று தெரிந்திருக்கிறது." மேலாளரின் முதல் கேள்வி அங்கிருந்தே தொடங்கும், ஓர் அடி ஆழமாக. வெளிவிட்டத்தை அளந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். வெளித்தாடைகள் ரப்பரை நசுக்குவதால் குறைவாகக் காட்டும். புரொஜெக்டர் பழுதானால் எதைக் கொண்டு சரிபார்ப்பீர்கள் என்று கேட்கலாம். படிப்படியாகப் பருத்துச் செல்லும் கூம்பு அளவியில் வளையத்தை அழுத்தாமல் நழுவவிட்டு, அது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கலாம். வெர்னியரின் மீச்சிற்றளவு, அதன் பூச்சியப் பிழை, அதைத் திருத்தும் முறை ஆகியவற்றையும் புதன்கிழமை இரவு ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் அனுப்பிய செய்தியையும் எடுத்துப் படித்துக்கொண்டு போங்கள்.